இறங்காதே என்ற சொல் எந்தச் செவியில் விழுந்தது?

சில மாதங்களுக்கு முன்னர் மேல் மாகாணத்திலுள்ள ஒரு தொழிற்சாலைக்கு ஒரு வழக்கின் நிமித்தம் செல்ல நேர்ந்தது. அன்று புதிதாகச் சேர்ந்த தொழிலாளர் பதினால்வரை ஒரு மண்டபத்தில் அமர்த்தி, ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினர். பாதுகாப்பு அறிவுறுத்தல் என்று அதற்குப் பெயர். முதலிற் சிங்களம், பின்னர் ஆங்கிலம், ஈற்றிலே தமிழ். தமிழ்ப் பகுதி தொடங்கும்போதே பதிவேடும் பேனாவும் கைமாறத் தொடங்கின. ஒலி ஓய்வதற்குள் பதினான்கு கையொப்பங்களும் வீழ்ந்துவிட்டன.

வெளியே வந்த வன்னி இளைஞன் ஒருவனிடம் கேட்டேன். “தம்பி, என்ன சொன்னவை?”

“கவனமா வேலை செய்யட்டாம் ஐயா.”

“உம்மோட வேலை செய்யிற ஆள் கழிவுத் தொட்டிக்குள்ள மயங்கி விழுந்தா என்ன செய்வீர்?”

“என்ன ஐயா கேக்கிறியள்? இறங்கித் தூக்கத்தான் வேணும்.”

அவன் நல்லவன். ஆனால் அந்த விடை அவனைக் கொல்லும் விடை. அந்த ஒலிப்பதிவு வேறெதைச் சொல்லாது விட்டிருப்பினும், இந்த ஒரு விடையை மாற்றியிருக்க வேண்டும். அது மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை என்பதே இக்கட்டுரையின் வினா.

2018ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் ஹொரணையிலுள்ள இறப்பர்த் தொழிற்சாலை ஒன்றிலே தொழிலாளி ஒருவர் தொட்டிக்குள் வீழ்ந்தார். அவரைக் காப்பாற்றச் சென்றவர்களும் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். மொத்தம் ஐந்து உயிர்கள். இது எங்கோ ஒருநாள் நிகழ்ந்த விந்தையன்று. அமெரிக்காவின் தேசியத் தொழிற்பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட எச்சரிக்கையொன்றிலே, தொட்டி, கிணறு, நிலவறை போன்ற அடைபட்ட இடங்களில் நேரும் சாவுகளில் நூற்றுக்கு 60க்கும் மேற்பட்டவை காப்பாற்றப் போனவர்களுடையவை என்று கண்டது. அதாவது, அந்த எச்சரிக்கையின் கணக்குப்படி, முதலில் வீழ்ந்தவரை விட அவருக்காக இறங்கியவர்களே கூடுதலாக மடிந்தனர்.

காரணம் எளியது. நாம் உள்ளிழுக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு ஒட்சிசன். மூடிக்கிடந்த தொட்டியில் அது மிகத் தாழ்ந்திருந்தால், இறங்குபவன் மூச்சுத் திணறி எச்சரிக்கை பெறுவதில்லை. இரண்டொரு மூச்சில் நினைவிழந்து சாய்கிறான். இறப்பர்க் கழிவுநீர் தேங்கும் குழியிலே இன்னொரு பகையும் உண்டு. பாலை உறையவைக்கக் கந்தக அமிலம் சேர்க்கப்படும் ஆலைகளில், அக்கழிவு அழுகும்போது ஐதரசன் சல்பைட்டு என்னும் நச்சுவாயு பிறக்கின்றது. சிறிதளவு இருக்கும்போது அது அழுகிய முட்டைபோல் நாறும். அளவு பெருகினாலோ மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். முதலில் நாறியது, இப்போது நாறவில்லை, ஆகவே வாயு அகன்றுவிட்டது என்று எண்ணுபவன் உண்மையில் ஆபத்தின் நடுவே நிற்கிறான். மேலேயிருந்து பார்ப்பவனுக்கு இவற்றுள் எதுவும் தெரிவதில்லை. தன் தோழன் கிடக்கிறான் என்பது மட்டுமே தெரிகிறது.

இனி, அந்த ஒலிப்பதிவு இதனை எங்ஙனம் சொல்லிற்று என்று பார்ப்போம். அதனை மீண்டும் கேட்டு எழுதிக்கொண்டேன். “அனுமதியின்றி அடைக்கப்பட்ட வெளிகளுக்குள் உட்பிரவேசித்தல் கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டுள்ளது.” இஃது ஒரேயொரு தடவை சொல்லப்பட்டது. அதற்கு முன்னர் மதிய உணவு நேரம். அதற்குப் பின்னர் அடையாள அட்டையைத் தொலைத்தாற் செலுத்தவேண்டிய பணம். மூன்றும் ஒரே குரலில், ஒரே வேகத்தில்.

இது தமிழா என்று கேட்டால், எழுத்தளவில் தமிழ்தான். ஆனால் யாருக்கு யார் இடும் கட்டளை இது? “வெளி” என்பது தன் காலடியிலிருக்கும் தொட்டியென்று அந்த இளைஞன் எப்படி அறிவான்? “உட்பிரவேசித்தல்” என்பது தோழனைத் தூக்க இறங்குவதையும் உள்ளடக்கும் என்று அவனுக்கு யார் உரைத்தது? ஆங்கிலச் சுற்றறிக்கையை மேசைமீது வைத்துச் சொல்லுக்குச் சொல் மாற்றிய உரைபெயர்ப்பு இது. தொட்டியின் விளிம்பில் நின்று எழுதப்பட்டதன்று.

இங்கே மொழியின் அமைப்பையும் எண்ணவேண்டும். தமிழிலே மறுப்பு வினையின் வாலில் இருக்கிறது. “இறங்கக் கூடாது” என்பதில் முதலிற் காதில் விழுவது “இறங்க” என்பதே. இயந்திர இரைச்சலிலோ பழுதான ஒலிபெருக்கியிலோ கடைச்சொல் தேய்ந்தால், விலக்கே ஏவலாகிவிடும். சிங்களத்தின் “பஹின்ன எபா” என்பதும் அவ்வாறே: இறங்குதல் முன்னே, வேண்டாம் என்பது பின்னே. அரைகுறைச் சிங்களம் தெரிந்த மலையகத்துப் பிள்ளை முதற்சொல்லை மட்டும் பற்றிக்கொண்டால் என்ன நேரும்? ஆதலால் உயிர்காக்கும் கட்டளை மறுப்பில் தொடங்கலாகாது. செய்யவேண்டிய செயலில் தொடங்கவேண்டும். “வெளியே நில். சத்தம் போடு. கயிற்றை இழு.” இவ்வளவே. இதனைச் சொல்லி, நிறுத்தி, மீண்டும் சொல்லி, நிறுத்தி, மூன்றாம் முறை கேட்பவன் வாயாற் சொல்லும்படி இடைவெளி விடவேண்டும். அதன் பின்னரே “தொட்டிக்குள் இறங்காதே, உன் அண்ணன் விழுந்தாலும் இறங்காதே” என்ற விலக்கு வரவேண்டும்.

கட்டளை மட்டும் போதுமா? போதாது என்று 1959ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. பேக்கர் எதிர் ஹொப்கின்ஸ் என்னும் அவ்வழக்கைச் சட்டம் பயின்றோர் அறிவர். ஏறத்தாழ 50 அடி ஆழமுள்ள கிணறொன்றைத் துப்புரவாக்க, அதனுள்ளே பெற்றோலில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் ஒன்று இயக்கப்பட்டது. அதன் புகையினாற் காபனோரொட்சைட்டு என்னும் வாயு கிணற்றில் நிறைந்தது. தான் வரும்வரை இறங்கவேண்டாம் என்று முதலாளி மறுநாட் காலை ஆளிடம் சொல்லியனுப்பினார். ஏன் என்று விளங்கச் சொல்லவில்லை. அவர் வருவதற்கு முன்னரே ஒருவன் இறங்கி வீழ்ந்தான். அவனைத் தேடி மற்றவனும் இறங்கி வீழ்ந்தான். அழைக்கப்பட்ட மருத்துவர் பேக்கர், தீயணைப்புப் படை வரும்வரை பொறுக்குமாறு பிறர் தடுத்தும் கேளாது, இடையிற் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார். அவரும் மயங்கினார். மேலே நின்றோர் இழுத்தபோது கயிறு கிணற்றிலிருந்த குழாயொன்றிற் சிக்கிக்கொண்டது. மூவரும் மாண்டனர்.

“நான் இறங்காதே என்று சொன்னேனே” என்பதே முதலாளி தரப்பின் வாதத்திற்கு அடிநிலை. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. ஆபத்து எவ்வளவு கொடிதோ அவ்வளவு தெளிவும் அழுத்தமும் எச்சரிக்கையில் இருக்கவேண்டும். உள்ளே நஞ்சிருக்கிறது, இறங்கினாற் சாவாய் என்பது விளங்காத ஆளுக்கு, வேண்டாம் என்ற வெறுஞ்சொல் போதிய எச்சரிக்கையாகாது. மருத்துவர் தம் விருப்பத்தாற் சாவை ஏற்றார் என்ற வாதமும் தள்ளப்பட்டது. ஆபத்தை உண்டாக்கியவன், காப்பாற்ற ஓடிவருபவனுக்கும் பொறுப்பாளியே என்றது நீதிமன்றம்.

எனவே ஒலிப்பதிவிலே கட்டளையை அடுத்துக் காரணமும் வரவேண்டும். அதுவும் ஒரே வரியில்: “உள்ளே மூச்சுவிடக் காற்று இல்லை. இரண்டு மூச்சில் விழுவாய். நீ விழுந்தால் அவனைத் தூக்க ஆள் இல்லை.” இந்த மூன்றாம் வசனமே அந்த வன்னி இளைஞனின் விடையை மாற்றக்கூடியது. கோழையாக இரு என்று அவனுக்குச் சொன்னால் அவன் கேளான். வெளியே நின்றாற்றான் தோழனைக் காப்பாற்றலாம் என்று சொன்னாற் கேட்பான்.

மொழியுரிமை பற்றி ஒரு சொல். 1956இல் எமது மொழி அரசகருமத்திலிருந்து தள்ளப்பட்டதும், 1987இல் 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாக எழுதப்பட்டதும் யாவரும் அறிந்தவை. ஆனால் அவ்வேற்பாடு கட்டுப்படுத்துவது அரசையும் அதன் நிருவாகத்தையுமே. தனியார் தொழிற்சாலையின் மண்டபத்தில் எந்த மொழியில் எச்சரிப்பது என்பதை அதனைக் காட்டி வற்புறுத்துவது எளிதன்று. நாம் பற்றவேண்டியது வேறொரு பிடி. பாதுகாப்பான வேலைமுறையை அமைத்துக்கொடுப்பது முதலாளியின் கடமை. விளங்காத மொழியிற் சொன்ன எச்சரிக்கை, சொல்லப்படாத எச்சரிக்கையே. அது மொழிக் கொள்கையின் குறையன்று. இயந்திரத்துக்கு வேலி போடாதது போன்ற பாதுகாப்புக் குறை. பெயருக்கு வாசித்த தமிழும் அக்கடமையை நிறைவேற்றாது.

பதிவேட்டிலே கையொப்பம் இருக்கிறதே என்பர். இருக்கிறது. ஆள் மண்டபத்தில் இருந்தான் என்பதற்கு அது சான்று. அவனுக்கு விளங்கிற்று என்பதற்குச் சான்றன்று. விளங்கிற்றா என்றறிய வழி ஒன்றே. ஒலிப்பதிவு முடிந்தபின் ஒவ்வொருவரையும் தொட்டியருகே அழைத்துச் சென்று, “உள்ளே ஆள் விழுந்துவிட்டான், என்ன செய்வீர்?” என்று அவர்தம் மொழியிற் கேட்கவேண்டும். அவர் வாயாற் சொல்லிக் கையாற் செய்துகாட்ட வேண்டும். அதன் பின்னரே கையொப்பம்.

செய்துகாட்டும் வேளையில் இன்னோர் உண்மையும் வெளிப்படும். “கயிற்றை இழு” என்று குரல் சொல்லும். அங்கே கயிறு இராது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், பிரித்தானியாவின் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தை அடியொற்றியது. நச்சுப்புகை இருக்கக்கூடிய இடத்திலே இறங்குபவனுக்கு மூச்சுக்கருவி, இடுப்புப் பட்டி, பட்டியிற் கட்டிய கயிறு, கயிற்றின் மறுமுனையைப் பிடித்து வெளியே நிற்கும் ஆள் என்பனவே அம்முறையின் உயிர்நிலை. அக்கயிறும் குழாயிற் சிக்காமல் நேரே மேலெழ வழியிருக்க வேண்டும் என்பதைப் பேக்கரின் சாவு கற்பிக்கிறது. இவை இல்லாத இடத்தில் எத்தனை முறை ஒலித்தாலும் குரல் எவரையும் தூக்காது.

ஆகவே தொழிற்சங்கத் தோழர்களிடம் நான் வேண்டுவது இதுவே. உங்கள் தொழிற்சாலையின் ஒலிப்பதிவை ஒருதரம் கேட்டுப் பாருங்கள். தொட்டியைப் பற்றிய எச்சரிக்கை எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள். அது யாருடைய தமிழ் என்று பாருங்கள். பின்னர் நேற்றுச் சேர்ந்த பிள்ளையிடம் நான் கேட்ட கேள்வியைக் கேளுங்கள். “இறங்கித் தூக்குவன்” என்று அவன் சொன்னால், அன்றைக்கே முகாமையாளரின் கதவைத் தட்டுங்கள். மறுநாள் வரை பொறுக்கவேண்டாம்.