மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் எங்கே போவாள்?

வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் குலசேகரன்பட்டினத்திலும் எத்தனை பவுன் என்றுதான் பேச்சு நடக்கிறது. பெண் எந்த விசாவில் போகிறாள் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் திருமணம் முறிந்தால் அவள் கதியைத் தீர்மானிப்பது அந்த விசாதான்.

பிரிட்டனைப் பாருங்கள். ஒருத்தியின் கணவர் பிரிட்டிஷ் குடிமகன். அவள் மனைவி விசாவில் போகிறாள். அவர் அடிக்கிறார், பாஸ்போர்ட்டைப் பூட்டி வைக்கிறார். "உள்துறைக்கு ஒரு கடிதம் போட்டால் உன்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்" என்று மிரட்டுகிறார். மிரட்டலில் பாதி உண்மை. திருமணம் முறிந்ததென்று தெரிந்தால் உள்துறை அவள் விசாவை, வழக்கமாக 60 நாளாக, குறைத்துவிடும்.

மீதிப் பாதியை அவர் சொல்லமாட்டார். வன்முறையால்தான் உறவு முறிந்தது என்று காட்டினால் அவள் தன் பெயரிலேயே நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். அதுவரை தாக்குப்பிடிக்க 3 மாத இடைக்கால அனுமதி உண்டு. அதில் வேலை செய்யலாம், அரசு உதவியும் பெறலாம். அந்த 3 மாதம் முடிவதற்குள் வசிப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். மருத்துவர் குறிப்பு, போலீஸ் புகார், காப்பகத்தின் கடிதம் எல்லாம் சான்றாகும். ஊருக்குக் கூட்டிவந்து கைவிட்டுப் போனாலும் 2024 ஜனவரி முதல் இங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். சவுத்ஹால் பிளாக் சிஸ்டர்ஸ் போன்ற பெண்கள் அமைப்புகள் பல ஆண்டுகள் போராடியதன் பலன் இது.

இப்போது கணவரை மாணவராகவோ வேலை விசாக்காரராகவோ மாற்றிப் பாருங்கள். அவள் டிபென்டன்ட். அடி அதே அடிதான். 2024 பிப்ரவரி முதல் அவளுக்கும் அந்த 3 மாத அனுமதி கிடைக்கிறது. ஆனால் நிரந்தர வசிப்புரிமைக்கு வழியில்லை. வேறு விசா தேட வேண்டும், இல்லையேல் திரும்ப வேண்டும்.

எங்கே திரும்புவது? சாதி மறுத்து மணந்தவளுக்குப் பிறந்த வீடு மூடியிருக்கும். கடன் வாங்கி அனுப்பிய தலித் குடும்பமோ, "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்கும். ஊர் திரும்பினால் பாதுகாப்பு என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்கலாம். நம் பெண்கள் பலருக்கு அது பொய். பாதுகாப்பு, பட்ட அடியைப் பார்த்துத் தரப்பட வேண்டும். கணவரின் விசா வகையைப் பார்த்து அல்ல.

திரும்பி வந்தவளிடம், "சம்பவம் லண்டனில்தானே, அங்கே போய்ப் புகார் கொடு" என்று போலீஸ் சொன்னால் ஏற்காதீர்கள். கொடுமை தாங்காமல் வெளியேறிய மனைவி, தஞ்சம் புகுந்த இடத்திலேயே புகார் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்திருக்கிறது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழும் அவள் இப்போது வசிக்கும் ஊர் நீதிமன்றத்தை நாடலாம்.

தோழர்களே, அடுத்த நிச்சயதார்த்தத்தில் பவுனுக்கு முன்பு இதைக் கேளுங்கள்: என்ன விசா? அவளுடைய இணையவழி விசாக் கணக்கு யாருடைய போன் நம்பரில், யாருடைய மின்னஞ்சலில் இருக்கும்?