குச்சிக்கிழங்கா, மரவள்ளியா?

மரவள்ளி மாவுப்பூச்சியைப் பற்றி ஒரு வீடியோ எடுத்து முடித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பூச்சி இந்தியாவில் முதலில் 2020-இல் கேரளத்தின் திருச்சூர்ப் பக்கம் தென்பட்டு, பிறகு சேலம், நாமக்கல் தோட்டங்களில் பரவியது. இதை அடக்கவென்று ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனாகைரஸ் லோபெஸி என்ற சிறு குளவி வரவழைக்கப்பட்டது. 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் அது வெளியிடப்பட்டது. குளவியைத் தோட்டத்தில் எப்படி விடுவது, விட்ட பிறகு எதைச் செய்யக் கூடாது என்பதுதான் வீடியோவின் பொருள். படம் நன்றாகவே வந்திருக்கிறது. பதிவேற்றும்போது தலைப்பும் குறிச்சொற்களும் கேட்கும் கட்டத்தில்தான் நம் விரிவாக்கத் துறை நண்பர்கள் பலர் சறுக்குகிறார்கள். ‘மரவள்ளிக்கிழங்கில் மாவுப்பூச்சித் தாக்குதலும் உயிரியல் கட்டுப்பாட்டு மேலாண்மையும்’ என்று அறிக்கைத் தலைப்பை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள்.

அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சொற்களைத் தேடல் பெட்டியில் தட்டுகிறவர் பெரும்பாலும் வேளாண் கல்லூரி மாணவராகத்தான் இருப்பார். ஆத்தூர்க்காரர் ‘குச்சிக்கிழங்கு பூச்சி மருந்து’ என்று தேடுவார். தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் பலருக்கு அது ஏழிலைக்கிழங்கு. குமரி மாவட்டத்தில் மரச்சீனி. மலையாள எல்லையோரத்தில் கப்பை. எல்லாம் ஒரே செடி.

இத்தனை பெயரையும் தலைப்பில் அடுக்கிவிடலாமே என்ற யோசனை உடனே வரும். நூறு குறிகளுக்கு மேல் தலைப்பு போகாது என்பதை முதலில் நினைவில் வையுங்கள். தமிழில் அந்த நூறு சீக்கிரம் தீர்ந்துவிடும், ஏனென்றால் புள்ளியும் கொம்பும் சுழியும் கணினிக்குத் தனித்தனிக் குறிகள். ‘மரவள்ளிக்கிழங்கு’ நமக்குப் பத்து எழுத்து, அதற்குப் பதினாறு. போதாததற்கு, கைபேசியில் தேடல் முடிவுகளைப் பார்க்கிறவருக்கு நீண்ட தலைப்பின் வால் வெட்டுப்பட்டுத்தான் தெரியும். ஆகவே தலைப்பில் இரண்டு பெயருக்கு மேல் இடமில்லை: எல்லா ஊரிலும் புரிகிற பொதுப்பெயர் ஒன்று, பயிர் மிகுதியாக விளைகிற இடத்தின் பெயர் ஒன்று. இந்த வீடியோவுக்கு நான் வைப்பது இது:

மரவள்ளி மாவுப்பூச்சி: குச்சிக்கிழங்கு நுனி சுருண்டால் என்ன செய்வது?

அறுபத்தேழு குறிகள். ‘மரவள்ளியில்’ என்று வேற்றுமை உருபு சேர்க்காமல் வெறும் ‘மரவள்ளி’ என்றே நிறுத்தியிருப்பதைக் கவனியுங்கள். தேடல் இயந்திரம் உருபேற்ற சொல்லையும் ஓரளவு அடையாளம் காணும். ஆனாலும் பயனர் தட்டுகிற வடிவத்தையே கொடுத்துவிட்டால் ஊகத்துக்கு வேலையில்லை. ஒற்று விஷயத்திலும் இப்படித்தான். ஏட்டில் மரவள்ளிக்கிழங்கு ஒரே சொல். கைபேசியில் தட்டுகிறவர்கள் இடைவெளி விட்டு, ஒற்றில்லாமல் ‘மரவள்ளி கிழங்கு’ என்கிறார்கள். தலைப்பில் ‘கிழங்கு’ ஒரு முறைதான் வருகிறது, அதுவும் ஊர்ப்பெயரோடு. ஒற்றில்லாத வடிவங்களைத் தலைப்பில் ஏற்றி ஆசிரியர்களிடம் திட்டு வாங்க வேண்டியதில்லை. அவை குறிச்சொல் பெட்டிக்குப் போகட்டும்.

அந்தப் பெட்டியின் மதிப்பு குறைவு என்று யூடியூபே சொல்கிறது. மக்கள் பிழையாகத் தட்டுகிற சொற்களுக்குத்தான் அது பயன்படும் என்பதே அவர்கள் தரும் விளக்கம். நமக்கு அது போதும். ஐந்நூறு குறிகளுக்குள் ஒற்றில்லாத வடிவங்களையும் ஆங்கில எழுத்தில் தட்டப்படும் தமிழையும் போடலாம். ழகரத்தை ஒருவர் zh என்பார், இன்னொருவர் l என்பார், அதனால் இப்படி:

```
மரவள்ளி கிழங்கு, மாவு பூச்சி, குச்சி கிழங்கு,
kuchi kilangu, kuchi kizhangu, maravalli poochi,
mavu poochi marunthu, tapioca mealybug
```

ஏழிலையும் மரச்சீனியும் விளக்கக் குறிப்பில் வரட்டும், வாக்கியமாக. ‘நெல்லைச் சீமையில் ஏழிலைக்கிழங்கு என்றும் குமரியில் மரச்சீனி என்றும் சொல்கிற மரவள்ளியில்...’ என்று தொடங்கினால் படிக்கிறவருக்கும் அது செய்தி. காற்புள்ளி போட்டு வெறும் சொற்களாகக் கொட்டுவதை யூடியூபின் விதிகள் தடுக்கின்றன, வீடியோவே நீக்கப்படலாம். வீடியோவுக்குள்ளும் பேசுகிறவர் இந்தப் பெயர்களை ஒரு முறை வாயால் சொல்லிவிட வேண்டும். ‘நம்ம கிழங்கைத்தான் சொல்றாங்க’ என்று தூத்துக்குடிக்காரருக்குப் பட்டால்தான் மேற்கொண்டு பார்ப்பார்.

இலங்கை வழக்கையும் சேர்க்க வேண்டுமா? அங்கே வேளாண் எழுத்தில் மாவுப்பூச்சிக்கு ‘வெண்மூட்டுப்பூச்சி’ என்ற சொல் உண்டு, பூச்சிமருந்துக்குப் ‘பீடைநாசினி’. அவற்றைச் சேர்த்தால் பார்வை எண்ணிக்கை கொஞ்சம் கூடலாம். நான் சேர்க்க மாட்டேன். ஏத்தாப்பூரில் குளவி வாங்கலாம் என்று சொல்கிற வீடியோவைப் பார்த்து வவுனியாக்காரர் என்ன செய்வார்?

கடினமான சொல் ‘மருந்து’தான். தோட்டக்காரரின் கேள்வி எழுத்துத் தமிழில் வருவதில்லை. ‘குச்சிக்கிழங்கு நுனி சுருண்டு போகுது என்ன மருந்து அடிக்கணும்’ என்று கைபேசியிடம் பேசியே தேடுகிறார். நம் வீடியோவின் பதிலோ, கண்டபடி மருந்து அடிக்காதீர்கள், அடித்தால் குளவியும் சாகும் என்பது. அவர் கேட்காத பதில். இதனாலேயே சிலர் ‘மருந்து’ என்ற சொல்லையே தவிர்த்து, ‘ஒட்டுண்ணி’, ‘உயிரியல் கட்டுப்பாடு’ என்று எழுதுகிறார்கள். இந்தச் செய்தி யாருக்கு வேண்டுமோ அவர் கண்ணில் படாமலே போவதற்கு அதுதான் வழி. ‘மருந்து’ தலைப்பில் வேண்டாம், அது மருந்துப் பெயர் சொல்வதாக வாக்குக் கொடுத்ததுபோல் ஆகிவிடும். விளக்கத்தின் முதல் வரியில் வைக்கலாம்: ‘மாவுப்பூச்சிக்கு என்ன மருந்து அடிக்கலாம் என்று தேடுகிறீர்களா? அடிக்கும் முன் இதைப் பாருங்கள்.’ வீடியோவின் முதல் அரை நிமிடத்திலேயே காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். ஐந்தாம் நிமிடம் வரை அதை ஒளித்து வைத்தால் அவர் ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பார், நியாயம்தான்.

‘வெள்ளைப்பூச்சி’ என்ற சொல் வேறு வகையில் சிக்கலானது. மாவுப்பூச்சியையும் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள், வெள்ளை ஈயையும் அப்படியே சொல்கிறார்கள். வெள்ளை ஈ மரவள்ளியில் தேமல் நோயைப் பரப்புவது. அங்கே இலையில் மஞ்சள் திட்டுகள் தோன்றும். மாவுப்பூச்சியிலோ கணுவிடை குறுகி, நுனி கொத்தாகச் சுருளும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இந்தச் சொல்லைச் சேர்த்தால் யார் வந்தார்கள் என்பதை யூடியூப் ஸ்டூடியோவே காட்டும். பார்வைகள் வந்த வழியில் ‘YouTube search’ என்பதைத் திறந்தால் பயனர்கள் தட்டிய சொற்கள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றுக்கும் சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதும் சேர்ந்து. ‘குச்சிக்கிழங்கு’ வழியாக வந்தவர்கள் நான்கு நிமிடம் உட்கார, ‘வெள்ளைப்பூச்சி’ வழியாக வந்தவர்கள் இருபது நொடியில் எழுந்து போனால், அவர்கள் தேமலைத் தேடி வந்தவர்கள் என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். பின்னூட்டத்தில் ‘இலை மஞ்சளா இருக்கு’ என்ற கேள்வியும் வந்திருந்தால் சந்தேகம் உறுதி. சொல்லை விளக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, தேமலுக்குத் தனி வீடியோ எடுங்கள். ‘வெள்ளைப்பூச்சி’ அதன் தலைப்பில் தாராளமாக இருக்கலாம்.