காலி ஷெட்டில் காத்திருக்கும் கம்போரோ

கறிக்கோழி ஏற்றிய லாரி தோட்டத்தை விட்டுக் கிளம்பியதும் ‘அடுத்த குஞ்சு என்றைக்கு?’ என்பதே முதல் பேச்சாகிறது. அவிநாசி, பல்லடம் வட்டாரத்தில் ஒப்பந்த முறையில் கோழி வளர்ப்பவருக்கு ஷெட் சும்மா கிடக்கும் நாளில் வருமானம் இல்லை. குஞ்சு, தீவனம், மருந்தெல்லாம் கம்பெனி தருகிறது. ஷெட்டும் ஆள்கூலியும் கழுவும் செலவும் விவசாயியின் தலையில். கை கடிக்கும்போது முதலில் குறைவது கழுவும் வேலைதான். அதன் விலை என்ன என்பதைக் கம்போரோ காட்டுகிறது.

இந்த வைரஸ், நோய் கண்ட கோழிகளை அகற்றிய பிறகும் கொட்டகைக்குள் 122 நாள் வரை தொற்றும் திறனோடு இருந்தது ஆய்வில் பதிவாகியிருக்கிறது. அதாவது இரண்டு பேட்ச் வளர்ந்து போகும் காலம். வெள்ளைக்கழிச்சல் வைரஸுக்குக் கொழுப்பு உறை உண்டு. சோப்பு பட்டால் குலைந்துவிடும். கம்போரோவுக்கு அந்த உறை இல்லாததால் சாதாரணக் கிருமிநாசினி பல அதனிடம் செல்லாது. குவாட்டர்னரி அம்மோனியம் மட்டும் உள்ள மருந்தை அடித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. குளுடரால்டிஹைடு கலந்தது அல்லது ஃபார்மலின் வேண்டும்.

‘தடுப்பூசிதான் போடுகிறோமே’ என்பார்கள். தாய்க்கோழி வழி வந்த எதிர்ப்புச் சக்தி குஞ்சின் உடலில் குறைந்த பிறகே கம்போரோ தடுப்பு மருந்து பிடிக்கும். அதனால்தான் இரண்டு வார வயதையொட்டிக் குடிநீரில் கொடுக்கிறோம். ஷெட்டில் வைரஸ் மண்டிக்கிடந்தால் மருந்து வேலை செய்யுமுன் அது முந்திக்கொள்கிறது. பிழைத்த கோழிக்கும் எதிர்ப்புச் சக்தி போய்விடுவதால் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியும் சரியாகப் பலிக்காது. அடுத்தடுத்த பேட்ச்களில் ஏறக்குறைய ஒரே வயதில், மூன்றாவது நான்காவது வாரத்தில், சாவு கூடுகிறதா? குஞ்சு சரியில்லை என்று சொல்லுமுன் ஷெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

ஐயாயிரம் கோழி ஷெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோழிக்கு ஒரு சதுர அடி என்றால் தரை ஐயாயிரம் சதுர அடி. கோழி ஏற்றிய அன்றே, நார்க்கழிவு சூடாக இருக்கும்போதே, தூண் அடியிலும் சுவர் ஓரத்திலும் பூச்சிமருந்து அடிக்க வேண்டும். எருவில் ஊரும் சின்னக் கருவண்டு ஷெட் குளிர்ந்தால் வெடிப்புகளுக்குள் போய்விடும். கம்போரோ வைரஸைச் சுமந்து அடுத்த குஞ்சுக்குத் தருவது அதுதான். பிறகு எருவை முழுதாக அள்ளி, தார்ப்பாய் மூடி வெளியேற்ற வேண்டும். ஷெட்டுக்குப் பின்னால் குவித்துவைத்தால் காற்றே திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும்.

அடுத்தது கூரையிலிருந்து கீழ்நோக்கி ஒட்டடை, வலை, படுதா, விளக்கு எல்லாவற்றையும் உலர்வாகக் கூட்டித் துடைப்பது. இங்கே சிக்கனம் பிடித்தால் மேலே செய்வதெல்லாம் வீண். எச்சம் ஒட்டியிருக்கும் தரையில் ஊற்றிய பிளீச்சிங் தண்ணீரின் குளோரின் அந்த அழுக்கோடே தீர்ந்துபோகிறது. சலவை சோடாக் கரைசலை ஊறவைத்து, அழுத்தத்தோடு கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். தேங்கிய நீர் இருந்தால் மருந்து நீர்த்துப்போகும். காய்ந்த பிறகு சதுர மீட்டருக்குச் சுமார் 300 மில்லி கரைசல் என்ற கணக்கில் தரைக்கு மட்டும் ஏறக்குறைய 140 லிட்டர் வேண்டும். சுவரும் கூரையும் தனி. ஒரு முதுகுத் தெளிப்பான் 16 லிட்டர். இரண்டு டேங்க் அடித்துவிட்டு ‘மருந்து அடிச்சாச்சு’ என்றால் அது கணக்கில் வராது.

குடிநீர்க் குழாயை மறந்துவிடுகிறார்கள். கடைசி நிப்பிளைக் கழற்றி விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பு இருந்தால் குழாய்க்குள் கிருமி கூடு கட்டியிருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலை நிரப்பி ஊறவைத்து அலசுவதே வழி.

தண்ணீர்த் தட்டுப்பாடு உண்மையான தடை. அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்துக்காகத் தலைமுறைக்கணக்கில் காத்திருந்து 2024இல்தான் அதைக் கண்ட ஊர் இது. ஆழ்குழாய்த் தண்ணீரின் அருமை யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆகவே உலர்வாகச் சுரண்டுவதை எவ்வளவு பொறுமையாகச் செய்கிறோமோ அவ்வளவு தண்ணீர் மிச்சம். மண்தரை ஷெட்டைக் கழுவவே முடியாது. மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துச் சுண்ணாம்பு போடுவது ஓரளவுக்குத்தான் காக்கும்.

இடைவெளியை லாரி போன நாளிலிருந்து எண்ணுகிறார்கள். மருந்து அடித்துக் காய்ந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். குறைந்தது இரண்டு வாரம் ஷெட் பூட்டிக் கிடக்க வேண்டும். அந்த இரண்டு வாரத்தை விவசாயி மட்டும் பட்டினியாகச் சுமப்பது நியாயமல்ல. கழுவும் செலவையும் காலி நாட்களையும் வளர்ப்புக் கூலிக் கணக்கில் கம்பெனிகள் சேர்க்க வேண்டும். மருந்து அடித்த தேதி அட்டையில் ஏறாமல் குஞ்சு இறக்கக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். கால்நடைப் பராமரிப்புத் துறை அந்த அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் ஷெட் காய நாள் கூடும். அதற்கு முன்பே இது நடக்க வேண்டும்.