பாகற்காய் ஜூஸ் தசைக்குள்ளே போய் என்னதான் பண்ணுது?

படப்பையில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு வயது 58. சர்க்கரைக்குத் தினமும் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். போன மாதம் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோவை நம்பி, காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பாகற்காய் ஜூஸ் குடிக்க ஆரம்பித்தார். அஞ்சாவது நாள் மாத்திரை, ஜூஸ் ரெண்டையும் போட்டுக்கொண்டு வாலாஜாபாத் ரோட்டில் வாக்கிங் போனவர், வழியில் ஒரு நண்பரோடு பேசிக்கொண்டே நின்றுவிட்டார். வீட்டுக்கு வரும்போது சட்டை முழுக்க வியர்வை, கை நடுக்கம். சித்தி குளுக்கோமீட்டரில் பார்த்தபோது 56 காட்டியது. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான்.

மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்த்ததும் 90-ஐத் தாண்டியது. தெளிந்து உட்கார்ந்த மனுஷன் சொன்ன முதல் வார்த்தை: "பாத்தியா, ஜூஸ் எவ்ளோ வேலை செய்யுது!"

வேலை செய்ததா? அதற்குப் பதில் சொல்ல, தசைக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்கணும்.

சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸில் பெரும்பங்கை உறிஞ்சிக்கொள்வது நம் தசைகள்தான். தசைச் செல்லுக்குள் குளுக்கோஸ் தானாக நுழையாது. அதற்கென்று ஒரு கதவு இருக்கிறது, பெயர் குளூட்-4. இந்தக் கதவுகள் எப்போதும் செல்லின் சுவரில் பொருத்தப்பட்டு இருப்பதில்லை. உள்ளே சின்னச் சின்னப் பைகளில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். இன்சுலின் வந்து வெளியே பெல் அடித்தால், உள்ளே செய்தி கைமாறி, பைகள் சுவருக்கு நகர்ந்து கதவுகள் வெளியே வரும். டைப்-2 சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த பெல் சரியாகக் கேட்பதில்லை. கதவு இருக்கு, ஆனால் உள்ளேயே கிடக்கு.

பெல் இல்லாமலும் கதவைத் திறக்க ஒரு பின்வாசல் வழி உண்டு. செல்லில் எரிசக்தி குறையும்போது ஏஎம்பிகே என்ற நொதி விழித்துக்கொள்ளும். அது இன்சுலினுக்காகக் காத்திருக்காமல் குளூட்-4 பைகளைச் சுவருக்குத் தள்ளும். நடக்கும்போது தசையில் இந்த நொதி விழிக்கிறது. 2008-இல் சிட்னியிலும் ஷாங்காயிலும் இருந்த ஆய்வாளர்கள் சேர்ந்து, பாகற்காயிலிருந்து பிரித்தெடுத்த நான்கு சேர்மங்கள் தசைச் செல்லிலும் கொழுப்புச் செல்லிலும் இதே நொதியைத் தூண்டி, குளூட்-4-ஐச் சுவருக்கு நகர்த்துவதைக் காட்டினார்கள். அவை குக்கர்பிட்டேன் குடும்பத்துச் சேர்மங்கள். பாகற்காயின் கசப்பும் இந்தக் குடும்பத்திலிருந்துதான் வருகிறது. (உப்புப் போட்டுப் பிழிந்து கசப்பை விரட்டிவிட்டு, பிறகு பலனை எதிர்பார்ப்பது நம்ம ஊர் வழக்கம்.)

இணையத்தில் அதிகம் சுற்றுவது வேறொரு கதை: பாகற்காயில் 'தாவர இன்சுலின்' இருக்கிறது, அதனால் ஊசியே தேவையில்லை என்பது. இன்சுலின் போன்ற ஒரு புரதம் அதில் கண்டறியப்பட்டது நிஜம். ஆனால் புரதத்தை வாய்வழியாகச் சாப்பிட்டால் வயிறு அதைப் பருப்பைப் போலவே செரித்துவிடும். இன்சுலினை மாத்திரையாகக் கொடுக்காமல் ஊசியாகப் போடுவதும் அதனால்தான். ஆக, நம்பத் தகுந்த வழி அந்தப் புரதம் இல்லை. கசப்பான சின்ன மூலக்கூறுகள்தான்.

இதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2009-இல் பாகற்காய்ச் சாறுகளைச் செல்களில் சோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். (தோல் ஆராய்ச்சி என்றதும் செருப்பு மட்டும் ஞாபகம் வரவேண்டாம், அங்கே உயிரியல் ஆய்வகமும் உண்டு.) ஒரு மில்லி லிட்டருக்கு 6 மைக்ரோகிராம் அளவில் சாறு கொடுத்தபோது, செல்கள் குளுக்கோஸை உறிஞ்சுவது ஏறக்குறைய இரண்டு மடங்கானது. இன்சுலினும் ரோசிகிளிட்டசோன் மருந்தும் தந்த விளைவோடு ஒப்பிடக்கூடிய அளவு அது.

எனக்கு இந்தக் கட்டுரையில் பிடித்த இடம் வேறு. செல் புதிய புரதம் தயாரிப்பதைத் தடுக்கும் ஒரு ரசாயனத்தையும் அவர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். உடனே சாறின் பலன் அடங்கியது. அப்படியென்றால், இருக்கும் கதவைத் தள்ளிவிடுவது மட்டுமில்லை, செல் புதுக் கதவுகளையே தயாரிக்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். அது குடித்த அரை மணியில் நடக்கிற வேலையில்லை. ஜூஸ் குடித்துவிட்டு உடனே மீட்டரில் விரலைக் குத்தி "இறங்கிடுச்சு" என்று சொல்வது, இந்த வழியை அளப்பதே இல்லை.

அடுத்து அளவு. அந்த 6 மைக்ரோகிராமை நம் உடம்பில் உள்ள சுமார் 5 லிட்டர் ரத்தத்துக்குப் பெருக்கினால் 30 மில்லிகிராம் வரும். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கு. ஆனால் ஆய்வகத் தட்டில் சாறு செல்லை நேராக நனைக்கிறது. டம்ளரில் குடிப்பது குடலைத் தாண்டி, கல்லீரலில் சிதைந்தது போக மிச்சம் ரத்தத்துக்கு வந்து, உடம்பின் மற்ற திரவங்களிலும் பரவி, தசையை அடையும் வரை தாக்குப் பிடிக்கணும். செடியின் வகை, காயின் முற்றல், சமைத்த விதம் எல்லாம் அளவை மாற்றும். தட்டில் கிடைத்த இரண்டு மடங்கு டைனிங் டேபிளில் கிடைக்காமல் போவதற்கு இதுவே போதும்.

மனிதர்களில் பார்த்தால் அதுதான் தெரிகிறது. 2011-இல் வெளியான தாய்லாந்து ஆய்வில் தினமும் 500, 1000, 2000 மில்லிகிராம் பாகற்காய்ப் பொடியை நான்கு வாரம் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு 1000 மில்லிகிராம் மெட்ஃபார்மின். குறைந்த இரண்டு அளவுகளில் குறிப்பிடும்படி எதுவும் இல்லை. 2000-இல் சர்க்கரைக் குறியீடு இறங்கியது, ஆனால் மெட்ஃபார்மின் இறக்கிய அளவுக்கு இல்லை. 2012-இல் காக்ரேன் அமைப்பு கிடைத்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பரிந்துரைக்கும் அளவு ஆதாரம் போதாது என்றது. என் கருத்தும் அதுவே: வழி நிஜம், பலம் சுமார்.

இப்போ சித்தப்பாவிடம் வருவோம். கிளிமிபிரைடு கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியேற்றும் மாத்திரை. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று அது பார்க்காது. அன்று மாத்திரை இன்சுலினைக் கூட்டியது, நடை தசையின் பின்வாசலைத் திறந்தது, டிபன் தள்ளிப்போனது. ஜூஸ் இதன்மேல் எவ்வளவு சேர்த்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் இது புதுசான சிக்கலும் இல்லை. பாகற்காய்க் கறியும், கிளிமிபிரைடின் பழைய உறவுக்கார மாத்திரையான குளோர்புரோபமைடும் சேர்ந்து ஒரு பெண்ணின் சர்க்கரையை எதிர்பாராமல் குறைத்ததாக 1979-லேயே லான்செட் இதழில் ஒரு குறிப்பு வந்தது.

அதனால் மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவரின் பயமும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு அல்லது இன்சுலின் எடுப்பவரின் பயமும் ஒன்றில்லை. உங்க அப்பா அம்மா ஜூஸ் குடிக்கிறார்கள் என்றால் முதலில் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பெயரைப் பாருங்கள். இரண்டாம் வகையென்றால் டாக்டரிடம் ஜூஸைப் பற்றியும் சொல்லியாகணும். கர்ப்பிணிகள் இந்தச் சாறு, பொடி பக்கமே போகவேண்டாம். பலன் இருக்கிறதா என்று தெரிய, மூணு மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை போதும். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

சித்தப்பா இப்போ ஜூஸை விட்டுவிட்டார். வாரம் ரெண்டு நாள் மதியச் சாப்பாட்டோடு பாகற்காய்ப் பொரியல். வாக்கிங்கை டிபனுக்குப் பிறகு மாற்றிக்கொண்டார், சட்டைப்பையில் ரெண்டு குளுக்கோஸ் பாக்கெட்டோடு.