ஊருக்கு மார்ஜின் பணம் அனுப்பும் முன்

ஆக்லாந்தில் நம்மவர்கள் நாலு பேர் கூடினால், அதில் ஒருவருக்காவது ஊரிலிருந்து இப்படி ஒரு போன் வந்திருக்கும்: "மாமா, பட்டறைக்கு மிஷின் எடுக்கப் போறேன். பேங்க் லோன் ரெடி, கவர்மெண்ட் மானியமும் இருக்கு. மார்ஜின் மட்டும் நீங்க போட்டா போதும்." கோவைப் பக்கம் சி.என்.சி. லேத் வாங்க நினைக்கும் என் அக்கா மகனிடமிருந்து எனக்கும் வந்தது. பணம் அனுப்பலாம், தப்பில்லை. ஆனால் அந்தப் பணத்தைவிட முக்கியமானது, வங்கி போடும் தவணை அட்டவணை. அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

அவன் விண்ணப்பித்தது பி.எம்.இ.ஜி.பி. எனும் மத்திய அரசுத் திட்டத்தில். 2008-ல் தொடங்கியது, கதர் கிராமத் தொழில் ஆணையம் நடத்துகிறது. புதிய தொழிலுக்கு மட்டும்தான். ஏற்கெனவே ஓடும் பட்டறைக்கு இந்த முதல் கடன் கிடையாது. உற்பத்தித் தொழிலுக்கான உச்சவரம்பு 2022-ல் 25 லட்சத்திலிருந்து 50 லட்சம் ஆனது. பொதுப்பிரிவினர் 10 சதவீதம் கைக்காசு போடவேண்டும். மானியம் நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீதம். பெண்கள், பட்டியலினத்தவர் போன்ற சிறப்புப் பிரிவினருக்குக் கைக்காசு 5 சதவீதம், மானியமும் கூடுதல்.

குழப்பம் பெயரிலேயே ஆரம்பிக்கிறது. இத்திட்டத்தில் மானியத்துக்குப் பெயரே 'மார்ஜின் மணி'. அதனால் கைக்காசுக்குப் பதில் அரசே போட்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நம் 10 சதவீதம் தனி; அதை முதலில் காட்ட வேண்டும்.

ஒரு கணக்கு பார்ப்போம். கிராமத்தில் 20 லட்ச ரூபாய் பட்டறை, முழுவதும் டெர்ம் லோன் என்று வைத்துக்கொள்வோம். கைக்காசு 2 லட்சம், வங்கிக் கடன் 18 லட்சம், மானியம் 5 லட்சம். இந்த 5 லட்சம் பையன் கைக்கு வராது. அவன் பெயரில் மூன்று ஆண்டு வைப்பாக வங்கியில் கிடக்கும். அதற்கு வட்டி வராது. அதே அளவு கடனுக்கு வங்கியும் வட்டி போடக் கூடாது. மூன்று ஆண்டு கழித்து ஆள் வந்து பார்த்து, பட்டறை ஓடுகிறது என்று உறுதியான பிறகே கடனில் கழிப்பார்கள். ஓடவில்லை என்றால் மானியமே கேள்விக்குறிதான்.

ஆக உண்மையான சுமை 13 லட்சம். 11 சதவீத வட்டி என்றால் மாதம் சுமார் 11,900 ரூபாய். மானியம் வந்து சேரும்வரை 18 லட்சத்துக்கும் வட்டி ஓடும், அதாவது 16,500. ஆறு மாதம் தாமதமானால் 27,500 ரூபாய் கூடுதல்.

பெரிய அடி அசலில் விழுகிறது. அறுபது சம தவணையாக 18 லட்சத்தைப் பிரித்தால் மாதம் 30,000. 13 லட்சத்தைப் பிரித்தால் சுமார் 21,700. கிளை எந்தத் தொகைக்கு அட்டவணை போட்டிருக்கிறது என்று பாருங்கள். 18-க்குப் போட்டிருந்தால், எப்படியும் கழியப்போகும் 5 லட்சத்துக்கும் சேர்த்து மாதம் 8,300 ரூபாய் அதிகமாகக் கட்டவேண்டி வரும், அதுவும் ஆர்டர் குறைவாக இருக்கும் முதல் வருடங்களில். மானியத்தைக் கழித்த தொகைக்கு அட்டவணை போடுவதை எல்லாக் கிளைகளுக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்பேன்.

அடுத்தது மொரட்டோரியம். அசலுக்குத்தான் விடுப்பு, வட்டிக்கு இல்லை. மாதாமாதம் கட்டவேண்டுமா, அசலோடு சேர்ப்பார்களா என்பது அனுமதிக் கடிதத்தில் இருக்கும். ஆறு மாதம் என்று எழுதியிருந்தாலும் அது முதல் பணம் வெளியேறும் நாளிலிருந்து எண்ணப்படலாம். வங்கி மிஷின்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்து, மிஷின் வந்து, த்ரீ-ஃபேஸ் இணைப்பும் கிடைத்து முதல் பீஸ் வெட்டுவதற்குள் விடுப்பு முடிந்தே போகும். உற்பத்தி தொடங்கும் நாளிலிருந்து எண்ணச் சொல்லி, கையெழுத்துக்கு முன்பே கேட்கவேண்டும்.

கொட்டேஷனில் விலையை ஏற்றி, கைக்காசே இல்லாமல் முடித்துத் தருகிறேன் என்று சொல்லும் ஏஜெண்டுகளும் உண்டு. வேண்டவே வேண்டாம். ஏற்றிய விலைக்கும் தவணை கட்டப்போவது நம்ம பையன்தான்.

பணம் அனுப்புவதிலும் ஒரு விஷயம். இந்திய வருமான வரிச் சட்டப்படி பெற்றோரின் உடன்பிறப்பு தரும் அன்பளிப்புக்கு வரி இல்லை. தாய்மாமன் தந்தால் பிரச்சினையில்லை. சித்தப்பா மகன் தந்தால் அவர் 'உறவினர்' பட்டியலில் வரமாட்டார். ஆண்டுக்கு 50,000 ரூபாய் தாண்டினால் முழுத் தொகையும் வாங்குபவரின் வருமானம். அவரிடமிருந்து கடனாக வாங்கினால், எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது கைக்காசு அல்ல, இன்னொரு கடன் என்று வங்கி கேட்கலாம்.

நான் அக்கா மகனிடம் கேட்டது இரண்டே காகிதம்: அனுமதிக் கடிதம், தவணை அட்டவணை. அட்டவணை 18 லட்சத்துக்குத்தான் இருந்தது. மாற்றச் சொல்லி மேனேஜருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறான். பதில் வந்ததும் 2 லட்சத்தை அனுப்புவேன்.