டியூஷனும் அனுபவம்தான், எழுதி வையுங்கள்!

எங்கள் பெரம்பலூர், அரியலூர் பக்கம் தெருவுக்கு ஒரு பெண்ணாவது சாயங்காலத்தில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். ஆனால் ஏதாவது வேலைக்கு மனு போடும்போது, 'முன் அனுபவம்' என்ற இடத்தில் கோடு போட்டுவிட்டு வருகிறாள். கேட்டால், "அது என்னக்கா பெரிய வேலையா? வீட்ல சும்மா இருக்கறப்ப சொல்லிக் குடுத்தது" என்கிறாள். சிலர் 'டியூஷன் எடுத்த அனுபவம் உண்டு' என்று ஒரு வரி எழுதுவார்கள். அந்த வரியைப் படிப்பவருக்கு அதிலிருந்து ஒன்றுமே தெரியாது. எத்தனை பிள்ளை, எத்தனை மாதம், பிள்ளைகளுக்கு என்ன வந்தது என்று எதுவும் அதில் இல்லையே!

இதற்கு ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் போதும் என்பது என் கருத்து. எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.

பிள்ளை டியூஷனுக்கு வந்து சேரும் நாளிலேயே அது எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட வேண்டும். 2005 முதல் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் வாசிப்பைப் பார்க்கும் 'அசர்' கணக்கெடுப்பில் இதற்குச் சுலபமான வழி இருக்கிறது. முதலில் நாலு வரியுள்ள ஒரு சின்னப் பத்தியைக் கொடுக்க வேண்டும். சொல் சொல்லாக நிறுத்தாமல், வாக்கியமாக, மூன்று தப்புக்கு மேல் போகாமல் படித்தால் அடுத்து ஒரு குட்டிக் கதையைக் கொடுக்கலாம். பத்தி வரவில்லை என்றால் தனிச் சொற்கள். ஐந்து சொல்லில் நாலாவது சரியாக வர வேண்டும். அதுவும் வராவிட்டால் எழுத்துகள், அதே கணக்குதான். பிள்ளை எதில் நிற்கிறதோ அதைத் தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும். கணக்கில் கடன் வாங்கிக் கழித்தல் வருகிறதா, வகுத்தல் வருகிறதா என்று பார்த்தால் போதும்.

இதில் பலர் ஏமாறுவது ஒரு இடத்தில். பிள்ளையின் சொந்தப் பாடப் புத்தகத்தையே கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். பிள்ளை கடகடவென்று ஒப்பிக்கும், படிக்கிறது என்று நினைத்துக் கொள்வோம். நடுவில் ஒரு சொல்லை விரலால் காட்டி, "இது என்னப்பா?" என்று கேளுங்கள். மனப்பாடம் செய்த பிள்ளை வரியின் தொடக்கத்துக்குப் போய், முதலிலிருந்து சொல்லிக்கொண்டே வரும். அதனால் பிள்ளை பார்க்காத பத்தியைத்தான் கொடுக்க வேண்டும். மூன்று மாதம் கழித்துப் பார்க்கும்போதும் அதே அளவில் வேறு பத்தியாக இருக்க வேண்டும்.

வருகையையும் எழுதுங்கள். பணம் வாங்கிய நோட்டு இருந்தால் தூக்கி எறியாதீர்கள். எந்த மாதம் எத்தனை பிள்ளை வந்தது என்பதற்கு அது தேதியோடு கூடிய சாட்சி.

அரியலூரில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் இப்படி எழுதி வைத்திருந்தாள். 2024 ஜூனில் மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை 9 பிள்ளைகள் அவளிடம் சேர்ந்தார்கள். அவர்களில் 2 பேர் எழுத்தில் நின்றார்கள், 4 பேர் சொல்லில், 3 பேர் பத்தியில். 2025 மார்ச்சில் பார்த்தபோது 4 பேர் கதை படித்தார்கள், 3 பேர் பத்தி படித்தார்கள், ஒரு பிள்ளை சொல்லிலேயே நின்றது. இன்னொரு பிள்ளை குடும்பத்தோடு வெளியூர் போய்விட்டது. இதை அப்படியே நாலு வரியாக மனுவில் எழுதினாள். வாரம் 5 நாள், தினம் ஒன்றரை மணி நேரம் என்பதையும் சேர்த்துக் கொண்டாள்.

அவள் மனு போட்டது ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் மாலைப் படிப்பு மையத்துக்கு. நேர்முகத்தில், கதை படித்த 4 பிள்ளைகளைப் பற்றி அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. "சொல்லிலேயே நின்ற பிள்ளைக்கு என்ன ஆச்சும்மா?" என்றுதான் கேட்டார்கள். பருத்தி எடுக்கும் நாட்களில் அம்மா காட்டுக்குப் போக, அந்தப் பெண் குழந்தை தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே இருந்துவிட்டது என்று வருகை நோட்டைக் காட்டினாள். பிறகு தம்பியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னதையும், அதன் பின் வருகை கூடியதையும் சொன்னாள். வேலை கிடைத்தது. எல்லாப் பிள்ளையும் முதல் மார்க் என்று எழுதியிருந்தால் இந்தக் கேள்வியும் வந்திருக்காது, இந்தப் பதிலைச் சொல்லும் வாய்ப்பும் வந்திருக்காது.

"பிள்ளை பள்ளிக்கூடத்திலயும்தானே படிக்குது, நீ மட்டுமா சொல்லிக் குடுத்தே?" என்று சிலர் மடக்குவார்கள். நியாயம்தான். அதனால் 'என்னால் முன்னேறினார்கள்' என்று எழுத வேண்டாம். 'என்னிடம் படித்த காலத்தில் இங்கிருந்து இங்கே வந்தார்கள்' என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது. பிள்ளைகளின் பெயரையும் மனுவில் போடக் கூடாது, வகுப்பை மட்டும் போட்டால் போதும்.

நம் அரசாங்கத்தின் 'இல்லம் தேடிக் கல்வி' 2021-ல் முதலில் 12 மாவட்டங்களில் தொடங்கியபோது பெரம்பலூரும் அதில் ஒன்று. மாதம் ஆயிரம் ரூபாய்க்குத் தினமும் சாயங்காலம் சொல்லிக் கொடுத்த எத்தனையோ சகோதரிகள் இங்கே இருக்கிறார்கள். அவர்களும் 'தன்னார்வலராகப் பணியாற்றினேன்' என்பதோடு நிறுத்தி விடுகிறார்கள். அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியர் மாற்றலாகிப் போவதற்குள் அவரிடம் இரண்டு வரி எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். 'நல்லவர், பண்பானவர்' என்ற நற்சான்றிதழ் பிரயோஜனப்படாது. எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எத்தனை பிள்ளைகள், என்ன பாடம் என்று இருக்க வேண்டும். 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பள்ளிகள் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது நம் வீட்டுப் பிள்ளைகளின் புத்தகத்திலிருந்தே நமக்குத் தெரியும். அந்தப் பிள்ளை அரும்பிலிருந்து மொட்டுக்கு வந்தது என்று தலைமை ஆசிரியரே எழுதிக் கொடுத்தால், வேறு பள்ளியில் அதைப் படிப்பவருக்கு விளக்கமே வேண்டியதில்லை.

வீட்டு டியூஷன் என்றால் பெற்றோரிடம் வாங்கலாம். "என் மகன் முன்னெல்லாம் பஸ் போர்டு படிக்க மாட்டான், இப்ப அவனே பார்த்து ஏறுறான்" என்று ஒரு தாய் எழுதினால், பெரிய மனிதரின் லெட்டர்பேடைவிட அதற்கு மதிப்பு அதிகம். எழுதத் தெரியாத தாய் என்றால் அவர் சொன்னதை நாம் எழுதி, படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லி விடுகிறேன். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஆசிரியை வேலைக்கு ஆசிரியர் பயிற்சிப் படிப்பும் தகுதித் தேர்வும் வேண்டும். எத்தனை நோட்டு வைத்திருந்தாலும் அதற்கு ஈடாகாது. படிப்பு மையம், தொண்டு நிறுவனம், மழலையர் வகுப்பில் உதவியாளர் போன்ற வேலைகளுக்குத்தான் இது கைகொடுக்கும். பயிற்சி முடித்து வேலை தேடுபவருக்கு, பத்துப் பேர் ஒரே சான்றிதழோடு நிற்கும்போது இது வித்தியாசம் காட்டும்.

வேலை கொடுப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். அனுபவச் சான்றிதழ் இல்லை என்று ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்பாதீர்கள். படிக்கத் தடுமாறும் ஒரு பிள்ளையை அவள் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார வைத்துப் பாருங்கள். அவள் தப்பைத் திருத்துகிறாளா, அதட்டுகிறாளா, பிள்ளைக்கு முன்னால் தானே படித்துவிடுகிறாளா என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும்.

சகோதரிகளே, இன்று சாயங்காலம் வரும் பிள்ளையிடமிருந்தே ஆரம்பியுங்கள். முதல் பக்கத்தில் தேதி போட மறக்காதீர்கள்.

– ஒரு வாசகி,
பெரம்பலூர்.