பசியா, பழக்கமா? தயிர் சாதத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம்

ராத்திரி ஒன்பது மணி. மேனேஜரிடம் வாங்கிய திட்டு இன்னும் மண்டைக்குள் ஓடுகிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் கை நேராக மிக்சர் டப்பாவுக்குப் போகிறது. இது பசியா, பழக்கமா?

'இப்போ தயிர் சாதம் கொடுத்தா சாப்பிடுவேனா?' என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால் நிஜப் பசி, தாராளமாகச் சாப்பிடுங்கள். மதியச் சாப்பாட்டைத் தவறவிட்ட நாளில் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். 'வேண்டாம், மிக்சர்தான் வேணும்' என்றால், கேட்பது வயிறு இல்லை, மனசு.

'இனி தொடவே மாட்டேன்' என்ற சபதம் வேலைக்கு ஆகாது. பழக்கத்தைக் கிளப்பிவிடுவது வீட்டுக்குள் நுழையும் அந்த நொடி. அது தினமும் வரும். அந்த நொடிக்கு வேறு வேலை கொடுங்கள். பையை வைத்ததும் குளியல், அப்புறம் சாப்பாடு. டப்பா மேல் அலமாரிக்குப் போகட்டும்.

யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன் ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், புதுப் பழக்கம் படிய ஏறக்குறைய பாதிப் பேருக்கு 66 நாளுக்கு மேல் பிடித்தது. நடுவில் ஒருநாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. அதனால் வியாழக்கிழமை மிக்சர் காலியாகிவிட்டதா? வெள்ளிக்கிழமை பையை வைத்ததும் குளிக்கப் போங்க.